மூன்றாம் தேதி மட்டும் சரியாக இருந்தது

நம் அலுவலகத்தின் அறுவடைப் பதிவுக் கோப்பைப் பார்த்து வேலை செய்த எல்லோருக்கும்,

கள அலுவலர்கள், ஓட்டுநர்கள், வண்டி அனுப்பும் அண்ணாச்சி, கணக்கு அக்கா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டேன். ஆனாலும் தனியாகப் பேசும்போது ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமல் போகிறது. மேலச்செவல் பக்கம் பார்க்கும் தம்பியை நான் எல்லோர் முன்னிலையிலும் குறை சொன்னேன். மன்னிப்பை மட்டும் தேநீர்க் கடையில் ஓரமாக நின்று கேட்டால் அது கணக்குக்குச் சரியாக வராது. அதனால் நடந்ததை முழுவதும் எழுதி, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டி, எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

2025 மார்ச் 4, 5 ஆகிய இரண்டு நாள்களிலும் பிசான நெல் அறுப்புக்குப் பதிந்திருந்த பதினொரு விவசாயிகளுக்கு வண்டி போகவில்லை, அல்லது நேரத்துக்குப் போகவில்லை. காரணம் பகிர்வுக் கோப்பில் நான் செய்த பிழை. தம்பி பதிய மறந்தது காரணம் அல்ல. அண்ணாச்சி பட்டியலைப் பார்க்காமல் விட்டதும் அல்ல. அந்தக் கோப்பை உருவாக்கியவன் நான், அதில் தேதிகளை ஒட்டியவன் நான், பிழை தெரியாதபடி மூடி வைத்தவனும் நான்தான்.

கோப்பு எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்குகிறேன். போன பருவத்துக் கோப்பு பழைய மின்னஞ்சல் கணக்கில் இருந்தது. பிப்ரவரி கடைசியில் மார்ச் மாதத்துக்கென்று புதுக் கணக்கில் வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்தேன். கூகுள் ஷீட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நாடு உண்டு. File போய் Settings திறந்தால் Locale என்று ஓர் இடம் இருக்கும். பழைய கோப்பில் அது India. புதுக் கணக்கின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்ததால் புதுக் கோப்பில் அது United States என்று தானாக உட்கார்ந்திருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பணத்துக்கு நாம் வெறும் எண்ணை மட்டுமே போடுகிறோம். பண வடிவம் போட்டிருந்தாலாவது டாலர் எட்டிப் பார்த்திருக்கும்.

அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள், நாளைப் பிறகு எழுதுவார்கள். நமக்கு 05/03/2025 என்றால் மார்ச் ஐந்து, அவர்களுக்கு மே மூன்று. இது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான், எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் சிக்கினேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பிப்ரவரி 27 அன்று கள அலுவலர்கள் மூன்று பேரும் வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினார்கள். தேதி, ஊர், விவசாயி பெயர், எத்தனை ஏக்கர், பெல்ட் வண்டியா டயர் வண்டியா, முன்பணம் எவ்வளவு என்று வரிக்கு வரி காற்புள்ளி போட்டுச் சுத்தமாக இருந்தது. மொத்தம் 62 பதிவுகள். அதை அப்படியே எடுத்துப் புதுக் கோப்பில் ஒட்டி, காற்புள்ளியை வைத்துப் பத்திகளாகப் பிரித்தேன். அந்த நொடியில் 62 தேதிகளும் மூன்று சாதியாகப் பிரிந்துவிட்டன.

மார்ச் 4 முதல் 12 வரையுள்ள தேதிகளைக் கோப்பு அமெரிக்க வழக்கில் படித்தது. நான்காம் தேதி ஏப்ரல் மூன்றாகவும், ஐந்தாம் தேதி மே மூன்றாகவும், பன்னிரண்டாம் தேதி டிசம்பர் மூன்றாகவும் மாறின. கோப்புக்குள் தேதி என்பது ஓர் எண்தான். மார்ச் ஐந்துக்கு 45721, மே மூன்றுக்கு 45780. உள்ளே உட்கார்ந்தது 45780. ஆனால் திரையில் தெரிந்ததோ 05/03/2025, தம்பி எழுதி அனுப்பியது எழுத்து மாறாமல். உள்ளே ஐம்பத்தொன்பது நாள் தள்ளிப்போன ஒரு தேதி வெளியே அதே முகத்தோடு நின்றது. பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பதின்மூன்றாம் தேதியிலிருந்து கதை வேறு. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் 13/03/2025 என்பதைக் கோப்பு தேதியாகவே ஏற்கவில்லை. ஒரு விவசாயியின் பெயரை எப்படி வைத்திருக்குமோ அப்படி, வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. திரையில் இதுவும் அப்படியேதான் தெரியும்.

மிச்சமிருந்தது 03/03/2025. எந்த நாட்டு வழக்கில் படித்தாலும் மார்ச் மூன்று. 62 பதிவுகளில் அந்தத் தேதியில் இருந்த ஏழு மட்டும்தான் பிழையில்லாமல் தப்பின. நம் கெட்ட நேரம், அறுப்பு தொடங்கிய முதல் நாளும் அந்த மூன்றாம் தேதிதான்.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் தேதி மாலை, கோப்பைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுத்தேன். அதை மறுக்கவில்லை. தேதிப்படி வரிசைப்படுத்திப் பார்த்தேன். மூன்று, நான்கு, ஐந்து என்று பன்னிரண்டு வரை ஒழுங்காக இறங்கி, பிறகு பதின்மூன்று, பதினான்கு என்று தொடர்ந்தது. எப்படி வராமல் போகும்? மார்ச் மூன்று, ஏப்ரல் மூன்று, மே மூன்று என்று மாதக் கணக்கில் படித்தாலும் அதே வரிசைதான். எழுத்தாகக் கிடந்தவற்றை ஷீட் எப்போதும் எண்களுக்குக் கீழே தள்ளிவிடும். பதின்மூன்றும் அதற்கு மேற்பட்டவையும் முழுவதும் எழுத்து என்பதால் அவை தாமாகவே கீழே போய்ச் சேர்ந்தன. ஒரு மாதத்துக்கு ஒரு கோப்பு என்ற நம் வழக்கம் இல்லாமல் பிப்ரவரியும் மார்ச்சும் ஒரே கோப்பில் இருந்திருந்தால், இரண்டு மாதத் தேதிகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு அன்றைக்கே காட்டிக் கொடுத்திருக்கும்.

அடுத்து, ‘நாளை’ என்று நான் பெயர் வைத்த பக்கம். மறுநாள் எந்தெந்த வயலுக்கு வண்டி போக வேண்டும் என்று அதுவே எடுத்துக் காட்டும்படி செய்திருந்தேன். அதற்குள் இருந்தது இந்த ஒரே வரி:

```
=IFERROR(FILTER('பதிவு'!A2:F, 'பதிவு'!A2:A=TODAY()+1), "பதிவு இல்லை")
```

‘பதிவு’ பக்கத்தில் தேதி நாளைய தேதியாக இருக்கும் வரிகளை மட்டும் எடு, எடுக்க முடியவில்லை என்றால் "பதிவு இல்லை" என்று காட்டு என்பது இதன் பொருள். ஞாயிறு மாலை இது மூன்றாம் தேதிக்குரிய ஏழு பெயர்களையும் அழகாகக் காட்டியது. தம்பியின் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன், ஏழும் சரி. சோதனை முடிந்தது என்று கணினியை மூடினேன். பிழையான கோப்பைச் சோதிக்க, அது சரியாக நடக்கக்கூடிய ஒரே நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வேறு எந்த நாளைப் பார்த்திருந்தாலும் ஒரு நிமிடத்தில் அகப்பட்டிருக்கும்.

அந்த IFERROR பற்றி ஒரு வார்த்தை. எடுக்க எதுவும் கிடைக்காவிட்டால் FILTER தானாகவே #N/A என்று காட்டும். பார்ப்பவருக்கு அது உறுத்தும், என்னவோ கோளாறு என்று கேட்பார்கள். திரை அசிங்கமாக இருக்கிறதே என்று அந்த உறுத்தலை எடுத்துவிட்டு, "பதிவு இல்லை" என்று நல்ல தமிழில் எழுதி வைத்தேன். கோளாறு என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேலை இல்லை என்று சொல்லக் கற்றுக் கொடுத்துவிட்டேன். தேதிப் பத்தியையும் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று நடுவாக நிறுத்தியிருந்தேன். அது செய்த கேடு கணக்கு அக்கா சொன்ன பிறகுதான் புரிந்தது, அதற்கு வருகிறேன். இதெல்லாம் போதாது என்று, யாராவது கை தவறி அழித்துவிடுவார்கள் என்று பயந்து ‘பதிவு’ பக்கத்தை மறைத்தும் வைத்தேன். "எல்லோரும் ‘நாளை’ பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்" என்று நான் எழுதிய குறிப்பு இன்னும் உங்கள் கைப்பேசிகளில் இருக்கும்.

திங்கள் மாலை ஆறரை மணிக்கு அண்ணாச்சி தொலைபேசியில் கேட்டார். "நாளைக்குப் பதிவே இல்லை என்கிறதே, பிசான அறுப்பு நேரத்தில் இப்படி ஒரு நாள் இருக்குமா?" முப்பது பருவம் பார்த்தவர் கேட்ட கேள்வி அது. நான் திரையைப் பார்த்துவிட்டு, "இல்லை என்றால் இல்லைதான் அண்ணாச்சி" என்றேன். என்னிடம் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு வண்டிகளைத் தென்காசிப் பக்கம் கேட்டிருந்தவர்களுக்கு அனுப்பினார். மற்ற இரண்டையும் பணிமனையில் நிறுத்தி, கத்திப் பட்டையைக் கழற்றச் சொன்னார். அவர் செய்தது முழுக்கச் சரி. வண்டி சும்மா நின்றால் நமக்கு நட்டம் என்று நான்தான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க் காலை மேலச்செவலில் ஆறு பேர் வயலில் நின்றார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது ஒரு வரி விடுபட்ட கதை. வயலில் அப்படி இல்லை. நாம் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்பே மடையை அடைத்து வயலில் தண்ணீரை வடித்திருக்கிறார்கள். கதிரும் தாளும் பார்த்து அந்த நாளுக்கென்று காத்திருக்கிறார்கள். வைக்கோல் கட்டுவதற்கு ஆள் சொல்லி, நெல் ஏற்ற டிராக்டர் சொல்லி, களத்தில் தார்ப்பாய் விரித்திருக்கிறார்கள். பனி காய்ந்து ஒன்பது மணிக்கு வண்டி இறங்கும் என்று எட்டு மணிக்கே வரப்பில் வந்து நின்றவர்கள், பதினொரு மணிக்குத் தம்பியை என்ன கேட்டிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. முற்றிய கதிர் நிற்க நிற்க உதிரும். காற்றடித்துச் சாய்ந்துவிட்டால் ஏக்கருக்கு ஒரு மணி நேரத்தில் முடிகிற அறுப்பு ஒன்றரை, இரண்டு என்று இழுக்கும், வாடகையும் கூடும். அறுத்த நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், காயப்போட வேண்டும், அதற்கும் ஆள் கூலி.

அந்த நேரத்தில்தான் நான் மன்னிக்க முடியாத வேலையைச் செய்தேன். தம்பி அழைத்தார். "பட்டியலில் எழுதி அனுப்பினேனே" என்றார். நான் ‘நாளை’ பக்கத்தைத் திறந்து பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கவில்லை, மறைத்து வைத்திருந்த பக்கத்தையும் திறக்கவில்லை. ஒலிபெருக்கியில் போட்டிருந்த தொலைபேசியில், அலுவலகமே கேட்கும்படி, "நீ அனுப்பவில்லை தம்பி, அனுப்பியிருந்தால் இதில் வந்திருக்கும்" என்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னுடையது, பழியை அவர் தலையில் கட்டினேன். அவருக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எதிர்த்துப் பேசாமல், வரப்பில் நின்றபடியே கைப்பேசியில் ஆறு பேரையும் மறுபடி பதிந்தார்.

பணிமனையில் நின்ற வண்டிகளில் ஒன்றைக் கத்தி பூட்டி நண்பகலுக்கு மேல் அனுப்பினோம். அன்று மூன்று பேருக்குத்தான் அறுக்க முடிந்தது. அறுக்காத மூன்று பேருக்கும் வியாழக்கிழமை என்று பேசி, தம்பி தாம் பதிந்ததில் தேதியை மாற்றிவைத்தார்.

செவ்வாய் மாலையும் ‘நாளை’ பக்கம் பதிவு இல்லை என்றது. அண்ணாச்சி மறுபடி கேட்டார். "மேலச்செவலில்தான் தம்பி விட்டுவிட்டார், மற்ற ஊர்களில் விடவில்லை" என்று சொன்னேன். புதன் காலை கோபாலசமுத்திரம் பக்கம் ஐந்து பேர். அவர்களில் இரண்டு பேர் காத்திருக்கவில்லை, கூடுதல் வாடகை கொடுத்து வெளி வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கோபாலசமுத்திரத்தைப் பார்க்கும் அலுவலருக்கு அந்த ஊரில் இருபது ஆண்டுப் பழக்கம். அவர் முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் நம்மிடம் முன்பணம் கொடுத்தார்கள்.

கண்டுபிடித்தது நான் அல்ல, கணக்கு அக்கா. புதன் இரவு முன்பணத்தைச் சரிபார்த்தபோது ஆறு பேர் பெயர் இரண்டு முறை வந்தது. என் வரியும் தம்பியின் வரியுமாக இரட்டித்த பதிவுகள் அவை. எங்கே இடிக்கிறது என்று பார்க்க, அவர் ‘பதிவு’ பக்கத்தைத் திறக்கச் செய்து, மதிப்புகளை மட்டும் எடுத்துத் தம் சொந்தக் கோப்பில் ஒட்டினார். நான் போட்டிருந்த நடு ஒழுங்கு அங்கே போகவில்லை. ஒட்டியதும் அக்கா கேட்டது இதுதான்: "இது என்ன, பன்னிரண்டாம் தேதி வரைக்கும் கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நிற்கிறது, பதின்மூன்றிலிருந்து இடது பக்கம் போய் நிற்கிறது?"

எண்ணாகவோ தேதியாகவோ ஷீட் ஏற்றுக்கொண்டதை வலது பக்கம் நிறுத்தும், எழுத்தாக எடுத்துக்கொண்டதை இடது பக்கம் நிறுத்தும். யாரும் கைவைக்காத பத்தியில் இந்த ஒன்றே போதும், எது தேதி, எது தேதி மாதிரி இருக்கும் எழுத்து என்று சொல்லிவிடும். நான் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி, கோப்பு காட்டிக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தையும் துடைத்துவிட்டிருந்தேன். அக்கா கேட்டபிறகு நாலாம் தேதிக் கட்டத்தில் மாதத்தின் பெயர் தெரியும்படி வடிவத்தை மாற்றினேன். 3-Apr என்று வந்தது. ஐந்துக்கு 3-May. கை நடுங்கியது என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும், ஆனால் நடுங்கத்தான் செய்தது.

அன்றிரவு திருத்தியதில் இரண்டாம் பிழை. இதை உங்களில் பலருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

முதலில் Locale ஐ India என்று மாற்றினேன். அது இனிமேல் தட்டுவதைச் சரியாகப் படிக்குமே ஒழிய, ஏற்கெனவே தவறாகப் படித்ததைத் திருத்தாது. மே மூன்று மே மூன்றாகவே இருக்கும், எழுதிக் காட்டும் முறைதான் மாறும். ஆகவே நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும் வரி ஒன்றைப் பக்கத்துப் பத்தியில் எழுதினேன்:

```
=IF(ISNUMBER(A2),
   DATE(YEAR(A2), DAY(A2), MONTH(A2)),
   DATE(RIGHT(A2,4), MID(A2,4,2), LEFT(A2,2)))
```

தேதியாக இருந்தால் நாளை மாதமாகவும் மாதத்தை நாளாகவும் போடு, எழுத்தாக இருந்தால் துண்டு துண்டாக வெட்டி எடுத்துச் சேர். இரட்டித்த ஆறு பதிவுகளில் என் பழைய வரிகளை அழித்துவிட்டு, தம்பி பிறகு பதிந்தவற்றை வைத்துக்கொண்டேன். அவைதானே புதியவை. மொத்தப் பத்தியையும் திருப்பி, மதிப்புகளாக ஒட்டி, நள்ளிரவு தாண்டிப் படுத்தேன்.

தம்பி தேதியை எப்படித் தட்டினார் என்று நான் கவனிக்கவில்லை. அவர் சாய்கோடு போட்டு எழுதவில்லை. மாதத்தின் பெயரைப் போட்டு 4 Mar என்றும், வியாழனுக்குத் தள்ளிய மூன்று பேருக்கு 6 Mar என்றும் எழுதியிருந்தார். மாதத்துக்குப் பெயர் இருந்தால் எந்த நாட்டுக் கோப்பும் குழம்பாது. அந்தக் கோப்பில் மூன்றாம் தேதியைத் தவிரச் சரியாக இருந்த தேதிகள் அவர் வரப்பில் நின்று தட்டிய ஆறு மட்டுமே. என் வரி அவற்றையும் திருப்பிப் போட்டது. 6 Mar ஜூன் மூன்றாகப் போனது. வியாழன் காலைப் பட்டியலில் மற்ற எல்லோரும் இருந்தார்கள். மேலச்செவலில் செவ்வாயிலிருந்து காத்திருந்த அந்த மூன்று பேர் மட்டும் இல்லை. மறுபடியும் அதே வரப்பில், அதே மூன்று பேர் முன்னால், அதே தம்பி. நண்பகலில் அவர் அழைத்தபோது இம்முறை நான் வாயைத் திறக்காமல் கோப்பைத் திறந்தேன்.

இந்தக் கோப்பில் மார்ச் மாதப் பதிவுகள் மட்டுமே உண்டு என்பதால் தப்பித்தேன். மாதம் மூன்றாக இருந்தால் தொடாதே, மற்றதை மட்டும் திருப்பு என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் முடிந்தது. முதல் இரவே அப்படிச் செய்திருக்க வேண்டும். கோப்பில் மார்ச்சும் ஏப்ரலும் கலந்திருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும். ஏப்ரல் மூன்று என்று நிற்கும் கட்டம் உண்மையான ஏப்ரல் மூன்றா, தலைகீழான மார்ச் நான்கா என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. கள அலுவலரின் குறிப்பேட்டைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வியாழன் மாலை Version history திறந்து, யார் எப்போது என்ன செய்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தேன். பிப்ரவரி 27 இரவு 62 வரிகளையும் ஒட்டியவர் பெயர் என் பெயர். நடு ஒழுங்கு போட்டது நான். பக்கத்தை மறைத்தது நான். தம்பியின் ஆறு பேரும் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கிறார்கள். இதன் படத்தை மேலாளருக்கு அனுப்பி, தம்பியின் பெயரில் எழுதப்பட்ட விளக்கக் கடிதக் கோரிக்கையைத் திரும்பப் பெறச் சொன்னேன். திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த விளக்கத்தை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது கோப்பில் என்ன மாறியிருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், நாளை நான் விடுப்பில் இருந்தாலும் நீங்களே பார்த்துக்கொள்ள. ‘பதிவு’ பக்கம் மறைந்திருக்காது. தேதிப் பத்தியில் கிழமையும் மாதத்தின் பெயரும் சேர்ந்து தெரியும். விவசாயி எவரும் நம்மிடம் "ஐந்தாம் தேதி வாருங்கள்" என்று மட்டும் சொல்வதில்லை, "வருகிற புதன்கிழமை" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார். உங்கள் குறிப்பேட்டில் புதன் என்றும் கோப்பில் சனி என்றும் இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். மே மூன்று, சனிக்கிழமைதான். IFERROR போய்விட்டது, கோளாறு வந்தால் இனி அசிங்கமாகவே தெரியும். ‘பதிவு’ பக்கத்தின் தலையில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது மொத்தம் எத்தனை பதிவு என்பது. இரண்டாவது, அவற்றில் எத்தனைக்குத் தேதி அந்த மாதத்துக்குள் விழுகிறது என்பது:

```
=COUNTA(A2:A)
=COUNTIFS(A2:A, ">="&DATE(2025,3,1), A2:A, "<="&DATE(2025,3,31))
```

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தச் சோதனையைப் பழைய நிலைக் கோப்பின் நகலில் போட்டுப் பார்த்தேன். 62 என்று ஒன்றும் 7 என்று ஒன்றும் வந்தன. ஞாயிறு மாலை இதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

இது எல்லாவற்றையும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஐந்தாம் தேதியை ஆறாம் தேதி என்று தட்டினால் இரண்டு எண்ணும் ஒத்துத்தான் நிற்கும், கிழமையைப் பார்த்தால்தான் பிடிபடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது, இருக்க வேண்டியதுதான்.

அண்ணாச்சி, இரண்டு மாலையும் நீங்கள் சந்தேகப்பட்டுக் கேட்டீர்கள், இரண்டு முறையும் உங்கள் அனுபவத்துக்கு எதிராகத் திரையை நிறுத்தினேன். இனிமேல் நீங்கள் "இப்படி இருக்குமா?" என்று கேட்டால் கள அலுவலரிடம் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

ஓட்டுநர்களே, கழற்றிய கத்திப் பட்டையை அவசரமாகப் பூட்டி, தென்காசியிலிருந்து இரவோடு இரவாக வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, வெள்ளி, சனி இரண்டு நாளும் விளக்குப் போட்டு அறுத்தீர்கள். அந்த இரண்டு இரவுக்குரிய படியை அலுவலகம் தர ஒப்புக்கொண்டுவிட்டது. தாமதமானால் என்னிடம் கேளுங்கள், அண்ணாச்சியிடம் கேட்க வேண்டாம்.

அக்கா, இரட்டித்த முன்பண ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க உங்களுக்கு இரண்டு இரவு போனது. பிள்ளைக்குப் பரீட்சை நேரம் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் தம்பியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

கோபாலசமுத்திரம் பார்க்கும் ஐயா, வெளி வண்டி வைத்த இரண்டு வீட்டுக்கும் உங்களோடு வந்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை. அந்த இரண்டாவது வீட்டுக்கு வரும் கார் பருவத்தில் நானே வந்து பேசுகிறேன், உங்களைத் தனியே அனுப்ப மாட்டேன்.

தம்பி, ஒலிபெருக்கியில் நான் சொன்னதை இங்கே எழுத்தில் திரும்பப் பெறுகிறேன். நீங்கள் பட்டியலை அனுப்பினீர்கள். நேரத்துக்கு அனுப்பினீர்கள். ஆறு பேர் பெயரும் அதில் இருந்தது. உங்கள் சொல்லை நம்பாமல் நான் உருவாக்கிய பக்கத்தை நம்பினேன். வருகிற ஞாயிறு மேலச்செவலில் அந்த மூன்று பேரையும் பார்க்கப் போகிறோம் அல்லவா, பிழை யாருடையது என்று அங்கே நானே சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

ஏப்ரல் கோப்பு திறந்தாகிவிட்டது. தேதியை எல்லோரும் தம்பி எழுதுகிற மாதிரியே, மாதத்தின் பெயரோடு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிவுக் கோப்பைப் பார்த்துக்கொள்பவன்,
சேரன்மகாதேவி